அட்டவணையின் மூன்றாம் நிரல்

கல்வி உளவியலை ஒரு பருவம் முழுதும் கேட்டுக் குறிப்பேட்டை நிரப்பிவிட்ட பயிற்சி ஆசிரியர்கள், தேர்வு நெருங்கும் வேளையில் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. நீண்ட தாள் ஒன்றை எடுத்துக் கோடுகள் இழுத்து மூன்று நிரல்களாக வகுப்பார்கள். முதல் நிரலில் அறிஞரின் பெயர். இரண்டாவதில் அவருடைய முதன்மைக் கருத்து. மூன்றாவதில் வகுப்பறை எடுத்துக்காட்டு. தடித்த நூலொன்று இவ்வாறு ஒரே தாளில் அடங்கிவிடும். இதனைக் குறுக்குவழி என்று இகழ்வோர் உளர். நான் அவர்கள் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். ஒருவருடைய கருத்து எந்த இடத்தில் மற்றவருடைய கருத்திலிருந்து பிரிகிறது என்பதை, இரண்டு வரிகள் அடுத்தடுத்து நிற்கும்போது கண் எளிதிற் கண்டுகொள்ளும். அவை நூலின் இருவேறு அதிகாரங்களிற் கிடக்கும்போது அந்தப் பிரிவு புலப்படுவதில்லை.

ஆயினும், நான் பார்த்த அட்டவணைகளுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில் நோய்ப்பட்டிருக்கின்றன. முதல் நிரல் பிழையின்றி இருக்கும். இரண்டாம் நிரல் நூலிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டிருக்கும். அதிலும் பெரும்பிழை இராது. மூன்றாம் நிரலில்தான் எழுதுபவருக்குக் கருத்து விளங்கிற்றா இல்லையா என்பது வெளிப்படும். அந்த நிரலைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

பண்டார் பாரு கெடா மாநிலத்தின் தென்கோடி. கிரியான் ஆற்றின் இக்கரையில் நாங்கள் இருக்கிறோம். அக்கரையில் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார் இருக்கிறது. முன்பு பால்மரம் நின்ற தோட்டங்களிற் பெரும்பகுதி இன்று செம்பனைக்கு மாறிவிட்டது. இப்பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குப் பள்ளிப் பயிற்சிக்காக வந்த ஓர் இளம் ஆசிரியை, தாம் எழுதிய அட்டவணையை என்னிடம் கொண்டு வந்தார். “ஐயா, இதை ஒருமுறை பார்த்துத் தர முடியுமா?” என்றார். பதினெட்டுப் பெயர்கள் அதில் இருந்தன. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மூன்றாம் நிரலில், ‘ஆசிரியர் மாணவரைப் பாராட்டுதல்’ என்பது நான்கு இடங்களிலும், ‘குழுமுறையிற் கற்பித்தல்’ என்பது ஐந்து இடங்களிலும், ‘படங்களையும் பொருள்களையும் பயன்படுத்துதல்’ என்பது மூன்று இடங்களிலும் காணப்பட்டன.

நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முதலிரண்டு நிரல்களையும் மறைத்துவிட்டு, “இனி ஒவ்வொரு வரியும் யாருக்கு உரியது என்று சொல்லுங்கள், அம்மா” என்றேன். பதினெட்டில் இரண்டையே அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. எழுதியவருக்கே அடையாளம் தெரியாத எடுத்துக்காட்டு, விடைத்தாள் திருத்துபவருக்கு எதனை அறிவிக்கும்? இந்த மறைத்துப் பார்க்கும் சோதனைக்குச் செலவில்லை; ஒரு தாள் போதும். ‘குழுமுறை’ என்பது எந்தக் கொள்கைக்கும் எடுத்துக்காட்டு ஆகாது. குழுவிலே என்ன நடந்தது, யார் யாருக்கு என்ன சொன்னார், அதன்பின் எது மாறிற்று என்பன சேர்ந்தால்தான் அது ஒருவருக்கு உரியதாகும்.

பதினெட்டையும் ஒரே நாளில் திருத்த முற்படவில்லை. நான்கைந்து வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதலாவது பாவ்லோவ். அட்டவணையில், ‘மணி அடித்ததும் மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்’ என்றிருந்தது. ஏறத்தாழ எல்லாப் பயிற்சியாளர்களும் எழுதும் எடுத்துக்காட்டு இது. பாவ்லோவ் என்றதும் நாயும் மணியும் நினைவுக்கு வருவதால், பள்ளி மணியும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனால், வரிசையில் நிற்பது பிள்ளை தன் விருப்பாற் செய்யும் செயல், நில்லாமலும் இருக்கலாம். நாயின் வாயில் உமிழ்நீர் ஊறியது அத்தகையதன்று. பாவ்லோவ் செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர். உடல் தானாக எழுப்பும் துலங்கலே அவர் ஆராய்ந்த பொருள். உணவு கண்டு ஊறிய உமிழ்நீர், உணவோடு பலமுறை சேர்ந்து வந்த வேறொரு தூண்டலுக்கும் ஊறத் தொடங்கியது என்பதே அவர் கண்டது. ஆகவே, அவருடைய வரிக்கு எடுத்துக்காட்டு எழுதுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இங்கே தானாக எழும் துலங்கல் எது?’ என்பதாகும்.

வகுப்பறையில் அத்தகைய துலங்கல் பெரும்பாலும் அச்சமாக இருக்கும். வாய்பாட்டை ஒப்பிக்க எழுப்பப்பட்ட சிறுவன் ஒருவன், தடுமாறிய ஒவ்வொரு முறையும் உரத்த அதட்டலுக்கு ஆளாகிறான் என்று கொள்வோம். அதட்டலைக் கேட்டு நெஞ்சு படபடப்பதற்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் வாய்பாட்டுத்தாள் தொடக்கத்தில் அவனுக்கு ஒன்றுமில்லை. சில கிழமைகள் இரண்டும் சேர்ந்து வந்தபின், அதட்டுவார் இல்லாதபோதும் அந்தத் தாளைக் கண்ட அளவில் அவன் உள்ளங்கை வியர்க்கிறது. இதிலே கற்காமல் வந்த தூண்டல் அதட்டல். கற்காமல் வந்த துலங்கல் படபடப்பு. பொதுவாய் இருந்து பின்னர் மாறிய தூண்டல் வாய்பாட்டுத்தாள். கற்றுக்கொண்ட துலங்கல் வியர்வை. நான்கு இடங்களும் நிரம்பிவிட்டன. நான்கும் நிரம்பாத எடுத்துக்காட்டைப் பாவ்லோவின் வரியிலிருந்து அகற்றிவிடலாம். மணிக்கு வரிசை கட்டுவதை ஸ்கின்னரின் வரிக்கு மாற்றினோம். மணிக்குப் பின் வரிசையில் நின்றால் சிற்றுண்டிச்சாலைக்கு விரைவிற் போகலாம் என்னும் பயனைக் கண்டு பிள்ளைகள் கற்ற செயல் அது.

ஸ்கின்னரின் வரியில் வேறொரு முட்டுக்கட்டை இருந்தது. அது சொல்லால் வந்தது. வலுவூட்டலை நேர்முறை என்றும் எதிர்மறை என்றும் இரண்டாகப் பகுப்பர். ‘எதிர்மறை’ என்ற சொல்லைக் கண்டவுடன் நம்மவர் உள்ளத்தில் ‘தீயது’ என்னும் பொருளே எழுகிறது. ஆகவே, எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டாக, ‘வீட்டுப்பாடம் செய்யாத மாணவனை வெளியே நிற்க வைத்தல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தண்டனை, வலுவூட்டல் அன்று. இங்கே எதிர்மறை என்பது கணக்கிலே வரும் கழித்தற்குறியைப் போன்றது. ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது. அந்த நீக்கத்தால் செயல் மிகுகிறது. ‘விலக்கி வலுவூட்டல்’ என்று மொழிபெயர்த்திருந்தால் இந்தக் குழப்பம் இவ்வளவு பரவியிராது என்பது என் எண்ணம்.

இரண்டு கேள்விகளால் இதனைத் தெளியலாம். பிள்ளையின் செயலுக்குப் பின் ஒன்று சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா? அதன்பின் அந்தச் செயல் மிகுந்ததா, குறைந்ததா? பத்திக் கேள்விகள் ஐந்தையும் வகுப்பிலேயே எழுதி முடித்தவருக்கு அன்றைய வீட்டுப்பாடம் இல்லை என்று ஆசிரியை கூறுகிறார். வீட்டுப்பாடம் நீக்கப்படுகிறது. அடுத்த கிழமை வகுப்பிலேயே முடிப்பவர் தொகை கூடியிருந்தால், அது விலக்கி வலுவூட்டல். கூடவில்லையென்றால், ஆசிரியையின் நோக்கம் எதுவாயினும் வலுவூட்டல் நிகழவில்லை. இந்த இரண்டாம் கேள்வியைத்தான் அட்டவணை எழுதுவோர் மறந்துவிடுகிறார்கள். ஸ்கின்னரைப் பொறுத்தவரை, ஒரு செயல் வலுவூட்டலா தண்டனையா என்பதை ஆசிரியரின் மனம் தீர்மானிப்பதில்லை. பிள்ளை அடுத்து என்ன செய்கிறான் என்பதே தீர்மானிக்கிறது. வகுப்பிற் கத்தும் சிறுவனை ஆசிரியர் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார். அவனோ முன்னிலும் மிகுதியாகக் கத்துகிறான் என்றால், ஆசிரியர் தண்டனை என்று கருதியது அவனுக்கு வலுவூட்டலாகி இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் ஆசிரியரின் முகம் தன் பக்கம் திரும்பிய ஒரே தருணம் அதுவாக இருக்கலாம். எனவே, ஸ்கின்னரின் மூன்றாம் கட்டம் ‘ஆசிரியர் பாராட்டினார்’ என்று முடிதல் கூடாது. ‘அதன்பின்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் அதில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து வந்தவர் பியாஜே. ‘பொருள்களைக் கொண்டு கற்பித்தல்’ என்பது அவர் வரியில் இருந்தது. பொருள்களைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்று சொன்னவர்கள் பியாஜேக்கு முன்னும் பலர். அவருடைய கருத்து அதனினும் கூரியது. பிள்ளை அறிவிற் குறைந்த பெரியவர் அல்லர். ஒவ்வொரு பருவத்திலும் வேறொரு வகையாகச் சிந்திப்பவர் என்பதே அது. ஆதலின் அவருக்குரிய எடுத்துக்காட்டு, பிள்ளை தவறான விடையையும் அதற்கு ஒரு நியாயத்தையும் கூறும் எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும். நூலிலிருந்து பெயர்த்து எழுதுவதைவிடச் செய்தே பார்த்துவிடலாம் என்று அந்த ஆசிரியையிடம் சொன்னேன்.

பள்ளிக்குப் பின்புறம் எஞ்சி நிற்கும் பால்மரங்களின் அடியில் கொட்டைகள் கிடைக்கும். பன்னிரண்டு கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவி எடுத்துவந்தார். பள்ளி முடிந்து வண்டிக்காகக் காத்திருந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐவரை, ஒருவர் பின் ஒருவராக அழைத்தார். மேசையில் ஆறு கொட்டைகள் ஒரு வரிசை. அதற்கு நேரே ஒன்றுக்கு ஒன்றாக ஆறு கொட்டைகள் மற்றொரு வரிசை. “இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா?” என்று கேட்டார். ஐவரும் ஆம் என்றனர். பிறகு, பிள்ளையின் கண்ணெதிரே ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். இருவர், ஒரே அளவுதான் என்றனர். மூவர், பரப்பிய வரிசையில்தான் கூட இருக்கிறது என்றனர். காரணம் கேட்டதற்கு, “இது நீட்டமா இருக்கு டீச்சர்” என்றாள் ஒரு சிறுமி. எண்ணிப் பார் என்றதும் எண்ணினாள். இங்கே ஆறு, அங்கே ஆறு என்று பிழையின்றிச் சொன்னாள். ஆனாலும் எதிற் கூட என்று கேட்டபோது மறுபடியும் நீண்ட வரிசையையே காட்டினாள்.

எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு எண்ணிக்கையின் மாறாமை தெரிந்திருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். இரண்டும் வேறு என்பதைப் பியாஜே 1941-இல் வெளியிட்ட, எண் பற்றிய நூலில் இத்தகைய சோதனைகளைக் கொண்டு காட்டினார். கண்ணுக்குத் தெரியும் நீளம் என்னும் ஒரு கூற்றையே பற்றிக்கொண்டு, பரப்பியதை மீண்டும் சேர்த்துவிடலாம் என மனத்துள் பின்னோக்கிச் செல்ல இயலாத நிலை அது. ஏறத்தாழ ஏழு வயதளவில் இது மாறும் என்றார். அந்தச் சிறுமியின் விடையை அவள் சொற்களிலேயே ஆசிரியை மூன்றாம் கட்டத்தில் எழுதிக்கொண்டார். இப்பொழுது பெயரை மறைத்தாலும் அது பியாஜேயின் வரிதான்.

ஆனால் அதோடு நின்றுவிட்டால் அட்டவணை ஒருபக்கச் சாட்சியமாகிவிடும். எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் டொனால்ட்சன் என்னும் அம்மையார், மக்காரிகள் என்பவரோடு சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் தேவைப்படுகிறது. அவர்கள் வரிசையைத் தாமே கலைக்கவில்லை. குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று பெட்டியிலிருந்து வெளிப்பட்டு, விளையாட்டைக் கெடுப்பது போல் வரிசையைக் கலைத்தது. அப்பொழுது சரியான விடை சொன்ன பிள்ளைகளின் தொகை மிகவும் கூடியது. பெரியவர் ஒருவர் முன்னிலையில் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு, முன்பு கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டால், விடையையும் மாற்ற வேண்டும் போலும் என்று பிள்ளை கருதலாம் அல்லவா? பள்ளியில் நாம் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பது, முதல் விடை தவறு என்னும்போதுதானே!

ஆசிரியையிடம் பாடத்துக்கெனச் செய்த குரங்குப் பொம்மை ஒன்று இருந்தது. சில நாள் கழித்து, தவறாகச் சொன்ன மூவரிடமும் அந்தக் குரங்கைக் கொண்டு கொட்டைகளைக் கலைக்கச் செய்தார். இருவர், ஒரே அளவு என்றனர். நீட்டம் என்று சொன்ன சிறுமி மட்டும் தன் விடையிலிருந்து மாறவில்லை. மூன்று பிள்ளைகளைக் கொண்டு எந்த முடிவையும் நாட்டிவிட முடியாது. முதல் நாட்கேள்வியே அவர்களைச் சிந்திக்க வைத்திருக்கவும் கூடும். இருந்தாலும், பியாஜேயின் கட்டத்தில் ‘கேட்கும் முறை மாறினால் விடையும் மாறக்கூடும்’ என்று ஒரு வரி கூடுதலாக இடம்பெற்றது. தமிழில் ‘கூட’ என்னும் சொல்லைச் சிறு பிள்ளைகள் எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் ஒன்றாகவே ஆளுகிறார்களோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. இதனை யாரேனும் முறையாக ஆராய்ந்தால் நன்று.

பியாஜே பிறந்த 1896-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் வைகோட்ஸ்கி. எலும்புருக்கி நோயால் 1934-இல், முப்பத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் வரியில் இரண்டு தவறுகள் வழக்கமாக நேர்கின்றன. ஒன்று, முன்பு சொன்ன ‘குழுமுறை’. மற்றொன்று, ‘சாரமிடுதல்’ என்பதை அவர் படைத்த சொல்லாக எழுதுவது. கட்டடம் எழும்புகையில் கட்டிப் பின்னர் அவிழ்த்துவிடும் சாரத்தை உவமையாக்கி, உட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரையில் அந்தக் கருத்தை விளக்கினார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையான முப்பது பிள்ளைகள், இருபத்தொரு மரக்கட்டைகளைப் பொருத்திக் கூம்பு ஒன்றைக் கட்டுவதற்கு ஆசிரியர் ஒருவர் எவ்வாறு உதவினார் என்பதே அதன் செய்தி. வைகோட்ஸ்கியின் கருத்துக்கு அது நெருங்கிய உறவுடையது. ஆயினும் அவருடைய சொல் அன்று.

வைகோட்ஸ்கி சொன்னதை அவர் காட்டிய கணக்கைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். இரு பிள்ளைகள் தனித்துச் செய்தால் எட்டு வயதுக்குரிய வேலைகளையே செய்கிறார்கள். சிறிது உதவி கிடைத்தவுடன் ஒரு பிள்ளை ஒன்பது வயதுக்குரியதையும், மற்றொரு பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரியதையும் செய்துவிடுகிறது. தனித்த தேர்வு இவ்விருவரையும் சமம் என்கிறது. அவர்கள் சமமா? தனித்துச் செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் அண்மை வளர்ச்சி மண்டலம் என்கிறோம். ஆகவே, இந்த வரியின் எடுத்துக்காட்டில், தனித்துச் செய்தது, கொடுத்த உதவி, உதவியோடு செய்தது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

அதற்கு நல்ல வாய்ப்பு இரண்டாம் ஆண்டுக் கணக்குப் பாடத்தில் வந்தது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லியிருந்தார் ஆசிரியை. இரண்டு பையன்கள் 35 என்று எழுதியிருந்தார்கள். இருவருக்கும் ஒரே சிவப்புக் கோடு. இந்த 35 கவனக்குறைவால் வந்ததன்று. ஒன்றாம் இடத்தில் இரண்டும் ஏழும் நிற்கக் கண்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஐந்து என்றும், பத்தாம் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று என்றும் எழுதியிருக்கிறார்கள். முறை தவறு, ஆனால் அது ஒழுங்கான முறை.

ஆசிரியை முதற்பையனை அழைத்து, “மேலே இருப்பது எத்தனை? அதிலிருந்து எத்தனை போக வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். “ரெண்டு. ஏழு போகணும்” என்றவன் நிறுத்தினான். “போகாதே டீச்சர்” என்று தானே சொல்லி, பக்கத்திலிருந்து ஒரு பத்தை வாங்கி 25 என்று திருத்தினான். இரண்டாம் பையனுக்கு அதே கேள்வி பயன்படவில்லை. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து என்பதையே உறுதியோடு திரும்பச் சொன்னான். அவனுக்குத் தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, இருபத்தேழை எடுத்துத் தரச் சொன்னார். இரண்டு கட்டுகளை உடனே எடுத்துக் கொடுத்தான். ஏழு உதிரிக்குக் கையை நீட்டியவன் திகைத்தான். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கட்டை அவுக்கலாமா?” என்று கேட்டான். அவிழ்த்ததும் பன்னிரண்டு உதிரி ஆயிற்று. ஏழு போக ஐந்தும், எஞ்சிய இரண்டு கட்டுகளும் மேசையில் கிடந்தன. விடை கண்டான். ஆனால் அடுத்த கணக்கை ஈர்க்கு இல்லாமற் செய்யச் சொன்னபோது பழைய முறைக்கே திரும்பிவிட்டான்.

ஒரே 35, இருவேறு இடைவெளிகள். முதற்பையனுக்கு ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. இரண்டாமவனுக்கு ஈர்க்கு வேண்டும்; அதுவும் சில நாள் வேண்டும். பிறகு ஈர்க்கைப் படமாக வரைந்து செய்து, அதன்பின் எண்ணை மட்டும் கொண்டு செய்யுமாறு உதவியைப் படிப்படியாக விலக்க வேண்டும். அவ்வாறு விலக்குவதுதான் சாரத்தை அவிழ்ப்பது. விலக்காத உதவியைச் சாரம் என்று கூறுவதற்கில்லை. பயிற்சியேட்டின் சிவப்புக் கோட்டில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. இருவருக்கும் ஒரே திருத்தப் பாடத்தைக் கொடுத்தால், முதல்வன் சலிப்பான். மற்றவன் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துக்கொண்டே இருப்பான்.

இந்த 35-ஐயே மற்ற அறிஞர்களின் வரிகளுக்கும் நகர்த்திப் பார்த்தோம். அப்பொழுதுதான் அட்டவணை உயிர்பெறத் தொடங்கியது. தார்ண்டைக் 1898-இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து ஆராய்ந்து, நிறைவளிக்கும் பயனைத் தந்த செயலே வேரூன்றும் என்று முடிவு கண்டவர். அவர் கண்கொண்டு பார்த்தால், இந்தப் பையன்கள் முன்பு செய்த 57 கழித்தல் 22 போன்ற கணக்குகளில் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் முறை ஒவ்வொரு முறையும் சரியான விடையைத் தந்து வேரூன்றிவிட்டது. தவறான முறைக்குப் பல நாள் பரிசு கிடைத்திருக்கிறது! ஸ்கின்னர் 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பைக் காணச் சென்றார். விரைவில் முடித்த பிள்ளைகள் வேலையின்றி இருப்பதையும், தடுமாறிய பிள்ளைகள் தம் விடை சரியா தவறா என்பதை அப்போதே அறிய வழியின்றி இருப்பதையும் கண்டு, விடையை உடனுக்குடன் காட்டும் கற்பித்தல் கருவி ஒன்றை அமைக்க முற்பட்டார். அவர் நம் வகுப்புக்கு வந்திருந்தால், ஒரு பக்கம் முழுதும் பத்துக் கணக்குகளைத் தவறாகச் செய்து முடித்தபின் மறுநாள் ஏடு திரும்பி வருவதையே குறை கூறியிருப்பார். பியாஜேயின் வரியிலோ, கட்டாக இருக்கும் பத்தும் உதிரியாகக் கிடக்கும் பத்தும் ஒன்றே என்னும் மாறாமையே வினாவாகும். கொட்டை வரிசையும் ஈர்க்குக் கட்டும் இங்கே ஒன்றையொன்று சந்திக்கின்றன.

ஒரே நிகழ்ச்சியை நான்கு வரிகளில் எழுதும்போது, எடுத்துக்காட்டு மாறுவதில்லை. அதனைக் கேட்கும் கேள்வி மாறுகிறது. தேர்வில், ‘இரு கொள்கைகளை ஒப்பிடுக’ என்று வரும் வினாவுக்கு இதனினும் நல்ல ஆயத்தம் எனக்குத் தெரியாது. தனித்தனி எடுத்துக்காட்டுகளை மனனம் செய்தவர்கள் அந்த வினாவில் இரண்டு பத்திகளை அடுத்தடுத்து எழுதிவிட்டு, ஒப்பிட்டதாக எண்ணிக்கொள்வார்கள்.

எஞ்சிய வரிகளை விரைந்து கடந்தோம். பண்டூராவின் கட்டத்தில் ‘ஆசிரியர் முன்மாதிரியாகத் திகழ்தல்’ என்றிருந்தது. பிள்ளை எதனைக் கவனித்தது, எதனை நினைவில் வைத்தது, எப்பொழுது தானே செய்தது, செய்வதற்கு எது ஊக்கமாயிற்று என்னும் நான்கையும் சேர்க்கச் சொன்னேன். பெயரின்றி ஒரு வரி இருந்தது. கண்ணாற் கற்போர், காதாற் கற்போர், கையாற் கற்போர் எனப் பிள்ளைகளைப் பிரித்து, அவரவர்க்கு ஏற்பக் கற்பிக்க வேண்டும் என்பது அது. 2008-இல் உளவியல் அறிஞர் நால்வர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதாற் கற்றல் மேம்படுகிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று காட்டினார்கள். பல்வகை நுண்ணறிவு பற்றி 1983-இல் நூல் எழுதிய ஹோவர்ட் கார்ட்னரின் பெயரை இந்த வரியோடு சேர்த்துவிடுவது பயிற்சியாளரிடையே வழக்கம். தம் கருத்து அதுவன்று என்று அவரே மறுத்திருக்கிறார். அந்த வரியை ஆசிரியை அடித்துவிட்டார். எனக்கு அதில் மகிழ்ச்சி. நெடுங்காலமாகப் பயிலரங்குகளில் அதனைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான்.

பள்ளிப் பயிற்சி முடியும்போது பதினெட்டு வரிகள் ஒன்பதாகக் குறைந்திருந்தன. முதல் நிரல் ஒடுங்கி, மூன்றாம் நிரல் விரிந்து, தாளைக் குறுக்காகத் திருப்பி எழுதும்படி ஆயிற்று. ஒரே தாளில் அடங்க வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. இரண்டு தாள்கள் ஆனதில் சிறிது வருத்தம் அவருக்கு. ஒன்பதாவது வரி கோல்பர்க். அறம் பற்றிய சிக்கலில் பிள்ளை எதனைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைவிட, ஏன் அதனைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லும் காரணமே கோல்பர்க்குக்கு முதன்மையானது. ‘கண்டெடுத்த காசை மாணவன் ஆசிரியரிடம் ஒப்படைத்தான்’ என்று முன்பு எழுதியிருந்ததை ஆசிரியை அழித்துவிட்டிருந்தார். அவன் ஏன் ஒப்படைத்தான் என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லையாம். கட்டம் வெறுமையாக இருந்தது. அடுத்த பள்ளியில் கேட்டு எழுதுவதாகச் சொன்னார்.